எல்.டி.எல். என்ற கழித்தல் கணக்கு

லிப்பிட் ப்ரொஃபைல் ரிப்போர்ட் ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., டிரைகிளிசரைடு, எல்.டி.எல்., வி.எல்.டி.எல். என்று ஐந்து வரிகளாவது இருக்கும். அதில் வி.எல்.டி.எல். எண்ணை 5-ஆல் பெருக்குங்கள். பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் விடை டிரைகிளிசரைடு எண்ணாகவே வரும். அடுத்து எல்.டி.எல்., எச்.டி.எல்., வி.எல்.டி.எல். மூன்றையும் கூட்டுங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் அப்படியே வந்துவிட்டால், உங்கள் எல்.டி.எல்.லை எந்தக் கருவியும் அளக்கவில்லை என்று பொருள். அளந்தது மூன்றைத்தான்: மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., டிரைகிளிசரைடு. டிரைகிளிசரைடை 5-ஆல் வகுத்து வி.எல்.டி.எல். என்று எழுதியிருக்கிறார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் அந்த வி.எல்.டி.எல்.லையும் கழித்து, மிஞ்சியதை எல்.டி.எல். என்று அச்சடித்திருக்கிறார்கள்.

இதில் மோசடி ஏதுமில்லை. உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் எல்.டி.எல். சொல்லப்பட்டு வந்திருக்கிறது. மாத்திரையைத் தொடங்குவதும் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் இந்தக் கழித்தலை நம்பித்தான். அந்த 5 எங்கிருந்து வந்தது, யாருக்கு அது பொருந்தாது, அதற்கு மாற்றாக வந்திருக்கும் கணக்குகள் என்ன செய்கின்றன என்பதை நோயாளியும் தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் கணக்கு தவறும் இடத்தில் நிற்பவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர்.

ரத்தம் தண்ணீர்த்தன்மை கொண்டது. கொழுப்பு அதில் கரையாது. அதனால் கல்லீரல் கொழுப்பைப் புரதத்தோடு சேர்த்துச் சிறு உருண்டைகளாக்கி அனுப்புகிறது. கல்லீரலிலிருந்து புறப்படும் பெரிய உருண்டைதான் வி.எல்.டி.எல். அதில் டிரைகிளிசரைடு அதிகம், கொலஸ்ட்ரால் குறைவு. வழியில் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் டிரைகிளிசரைடைக் கொடுத்துக் கொடுத்து அது சுருங்குகிறது. கடைசியில் கொலஸ்ட்ரால் மிகுந்த சின்ன உருண்டையாகிறது. அதுதான் எல்.டி.எல். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படிவதில் பெரும்பங்கு இதற்கு உண்டு.

இந்த உருண்டைகளைப் பிரித்து அளக்க 1970-களில் ஒரே நம்பகமான வழி, அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் என்ற அதிவேகச் சுழற்சிக் கருவி. புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் மணிக்கணக்காகச் சுழற்றினால் வி.எல்.டி.எல். மேலே மிதக்கும், மற்றவை கீழே தங்கும். கருவியின் விலை அதிகம், வேலையும் நீளம். ஊருக்கு ஊர் வைக்கக்கூடியது அல்ல. அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த வில்லியம் ஃபிரீடுவால்ட், ராபர்ட் லெவி, டொனால்ட் ஃபிரெட்ரிக்சன் மூவரும், இந்தக் கருவி இல்லாமலே எல்.டி.எல்.லை மதிப்பிட முடியுமா என்று பார்த்தார்கள். 448 பேரின் ரத்த அளவுகளை வைத்து 1972-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் டிரைகிளிசரைடின் பெரும்பகுதி வி.எல்.டி.எல்.லில்தான் இருக்கிறது, அதில் டிரைகிளிசரைடு 5 பங்கு என்றால் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 1 பங்கு என்பது அவர்கள் கண்டது. ஆகவே டிரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் வி.எல்.டி.எல். கொலஸ்ட்ரால் கிடைத்துவிடும். மில்லிமோல் கணக்கில் ரிப்போர்ட் தரும் நாடுகளில் 5-க்குப் பதில் 2.2.

இந்த 5 எல்லோருக்கும் ஒன்றல்ல என்பது அவர்களுக்கே தெரியும். டிரைகிளிசரைடு 400 மில்லிகிராமைத் தாண்டினால் இந்தக் கணக்கைப் போடாதீர்கள் என்று எழுதியே வைத்தார்கள். மற்றவர்களுக்குப் பரவாயில்லை என்று அவர்கள் நினைத்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. எல்.டி.எல். பெரிய எண்ணாக இருக்கும்போது, கழிக்கப்படும் வி.எல்.டி.எல்.லில் சிறு பிழை நேர்ந்தாலும் விடையை அது பெரிதாக அசைக்காது.

எடைமேடையில் நிற்கும் லாரியை எண்ணிப் பாருங்கள். சரக்கோடு எடை போட்டு, வெறும் லாரியின் எடை இவ்வளவு இருக்கும் என்று ஒரு தோராயத்தைக் கழிக்கிறோம். பத்து டன் நெல் இருந்தால் தோராயத்தில் நூறு கிலோ பிசகுவது தெரியாது. அரை டன் மட்டும் இருந்தால் அதே நூறு கிலோ கணக்கையே கெடுத்துவிடும்.

1972-க்குப் பிறகு நடந்தது இதுதான். அப்போது ஸ்டாட்டின் மாத்திரைகள் இல்லை; முதல் ஸ்டாட்டின் சந்தைக்கு வந்தது 1987-ல். எல்.டி.எல். 160, 190 என்று இருப்பவரைக் கண்டுபிடிப்பதே அன்றைய வேலை. இன்று மாரடைப்பு வந்தவருக்கு, ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்.டி.எல்.லை மிகக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். 2019-ன் ஐரோப்பிய வழிகாட்டுதலில் மிக அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு இலக்கு 55-க்குக் கீழ். இந்திய லிப்பிட் சங்கம் அப்படிப்பட்டவர்களுக்கு 50-க்குக் கீழ் என்கிறது. சரக்கு சுருங்கிவிட்டது, தோராயம் மட்டும் பழையபடியே நின்றது.

அந்தத் தோராயம் எந்தப் பக்கம் பிசகும் என்பதையும் கவனிக்க வேண்டும். டிரைகிளிசரைடு ஏற ஏற, ஒவ்வொரு வி.எல்.டி.எல். உருண்டையிலும் டிரைகிளிசரைடு பங்கு கூடுகிறது. அப்போது உண்மையான விகிதம் 5 இல்லை. 6, 7, அதற்கும் மேலே போகலாம். அப்போதும் 5-ஆல் வகுத்தால் வி.எல்.டி.எல். பெரிதாகத் தெரியும். பெரிதாகக் கழிப்போம். எல்.டி.எல். உண்மையைவிடச் சின்னதாக அச்சாகும். பயப்பட வேண்டியவருக்கு ‘பயமில்லை’ என்று சொல்லும் பிழை இது. மொத்தம் 110, எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 380 என்று வைத்துக் கணக்குப் போட்டால் எல்.டி.எல். மைனஸ் 6 என்று வரும். இல்லாததைவிடக் குறைவாக எந்தக் கொழுப்பும் ரத்தத்தில் இருக்க முடியாது. 400-க்குக் கீழேயே கணக்கு முறிந்துபோகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2013-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சேத் மார்ட்டினும் சகாக்களும் இந்த 5-ஐயே கேள்விக்கு உட்படுத்தினார்கள். சுழற்சி முறையில் கொழுப்பைப் பிரித்து அளந்த 13 லட்சத்துக்கும் அதிகமானோரின் அளவுகள் அவர்கள் கையில் இருந்தன. ஒவ்வொருவருக்கும் உண்மையான விகிதம் என்ன என்று பார்த்தபோது அது பரந்து விரிந்து கிடந்தது. அதைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு: டிரைகிளிசரைடு எவ்வளவு, எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பவை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் இந்த இரண்டாவது எண் கிடைக்கும். இந்த இரண்டையும் நீள அகலமாக வைத்து 180 கட்டங்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 5-க்குப் பதிலாக வகுக்க வேண்டிய எண் இருக்கும். மிகச் சிறியது 3.1, மிகப் பெரியது 11.9. உங்கள் கட்டத்தைக் கண்டுபிடித்து அந்த எண்ணால் டிரைகிளிசரைடை வகுக்க வேண்டும். மற்றதெல்லாம் பழைய கழித்தலேதான். மார்ட்டின்-ஹாப்கின்ஸ் முறை என்று பெயர். அமெரிக்காவின் பெரிய லேப் நிறுவனங்களில் ஒன்றான க்வெஸ்ட் 2017-ல் இதற்கு மாறியது.

பழைய கணக்கு பிறந்த அதே தேசிய சுகாதார நிறுவனத்திலிருந்து 2020-ல் இன்னொன்று வந்தது. மொரீன் சாம்ப்சன், ஆலன் ரெமலே குழுவினர் பட்டியலுக்குப் பதிலாக ஒரே சமன்பாட்டைத் தந்தார்கள். டிரைகிளிசரைடு 800 வரை இதைப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம்.

```
LDL = TC/0.948 − HDL/0.971
      − (TG/8.56 + TG×nonHDL/2140 − TG²/16100)
      − 9.44
```

பார்த்ததும் மிரள வேண்டாம். டி.சி. என்பது மொத்தக் கொலஸ்ட்ரால், டி.ஜி. என்பது டிரைகிளிசரைடு, எல்லாம் மில்லிகிராம் கணக்கில். உயிர் இருப்பது அடைப்புக்குறிக்குள். பழைய கணக்கில் டிரைகிளிசரைடு தனியாக நின்று வி.எல்.டி.எல்.லைத் தீர்மானித்தது. இங்கே அது எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ராலோடு பெருக்கப்படுகிறது. உடம்பில் கொலஸ்ட்ரால் நிறைய இருந்தால் உருண்டைக்குள்ளும் நிறைய இருக்கும், குறைவாக இருந்தால் குறைவாக இருக்கும் என்ற உண்மையைப் பிடிப்பதற்குத்தான் அந்தப் பெருக்கல். டிரைகிளிசரைடின் வர்க்கத்தைக் கழிக்கும் கடைசி உறுப்பு ஒரு தடை. டிரைகிளிசரைடு எகிறும்போது கழிவும் அதே வேகத்தில் எகிறிவிடாமல் அது பிடித்து நிறுத்துகிறது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பதுகளின் பின்பாதி, பல வருடமாகச் சுகர், ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம், தினமும் இரவில் ஸ்டாட்டின் மாத்திரை. ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 140, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 290.

பழைய கணக்கில் 290-ஐ 5-ஆல் வகுத்தால் 58. 140-லிருந்து 36-ஐயும் 58-ஐயும் கழித்தால் எல்.டி.எல். 46. ஐரோப்பிய இலக்கான 55-க்கும் கீழே, இந்திய இலக்கான 50-க்கும் கீழே. ‘ரொம்ப நல்லா இருக்குங்க, இதே மாத்திரையைத் தொடருங்க’ என்று மருத்துவர் சொல்லி அனுப்புவார். அந்த எண்ணைப் பார்த்து வேறு எதைச் சொல்வார்?

அதே மூன்று எண்களைப் புதிய சமன்பாட்டில் போடுவோம். 140-ஐ 0.948-ஆல் வகுத்தால் 147.7. எச்.டி.எல். 36-ஐ 0.971-ஆல் வகுத்தால் 37.1. எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் 104. அடைப்புக்குறிக்குள் 33.9-உம் 14.1-உம் கூடி அதில் 5.2 குறைய, 42.8 வருகிறது. 147.7-லிருந்து 37.1, 42.8, 9.4 மூன்றையும் கழித்தால் 58. மார்ட்டின்-ஹாப்கின்ஸ் பட்டியலிலும் இவருடைய கட்டத்தில் இருக்கும் எண் 5-ஐவிடப் பெரியது. எடுத்துக்காட்டுக்கு 6.5 என்று வைத்துப் பார்த்தால் வி.எல்.டி.எல். 45, எல்.டி.எல். 59.

46-க்கும் 58-க்கும் இடையில் 12 மில்லிகிராம்தான். ஆனால் அந்த இடைவெளிக்குள்தான் 50-உம் 55-உம் இருக்கின்றன. 46 என்றால் இலக்கு எட்டியாகிவிட்டது. 58 என்றால் எட்டவில்லை. ஸ்டாட்டின் அளவைக் கூட்டலாமா, எசெட்டிமைப் சேர்க்கலாமா என்ற பேச்சு அங்கே தொடங்க வேண்டும். ரத்தம் ஒன்று, குழாய் ஒன்று, கருவி ஒன்று. வகுத்த எண் மாறியதால் சிகிச்சை மாறுகிறது.

இப்போது அதே 290 டிரைகிளிசரைடோடு, மாத்திரையே தொடங்காத இன்னொருவரைப் பாருங்கள். மொத்தம் 270, எச்.டி.எல். அதே 36. பழைய கணக்கில் எல்.டி.எல். 176. புதிய சமன்பாட்டில் 178. வித்தியாசம் இரண்டே இரண்டு. டிரைகிளிசரைடு ஒன்றாக இருந்தும் ஒருவருக்குக் கணக்கு பிசகுகிறது, மற்றவருக்குப் பிசகவில்லை. டிரைகிளிசரைடை மட்டும் பார்த்து ‘இவருக்குப் பழைய கணக்கு போதும்’ என்று முடிவு செய்ய முடியாது என்பதை இது காட்டுகிறது. மொத்தம் 200, எச்.டி.எல். 45, டிரைகிளிசரைடு 150 என்று நடுத்தரமாக இருப்பவருக்கும் பழையது 125, புதியது 128 என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். அவருக்கு எந்தக் கணக்காக இருந்தாலும் மருத்துவர் சொல்லப்போவது ஒன்றுதான்.

ஆக, பிழை எல்லோருக்கும் பங்கு பிரித்து விழுவதில்லை. எல்.டி.எல். குறைந்து டிரைகிளிசரைடு கூடியிருப்பவர்கள் மீது குவிந்து விழுகிறது. யார் அவர்கள்? மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள், சுகர்காரர்கள், தொப்பை போட்டவர்கள். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்து, தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு 2014-ல் சொன்ன கணக்கு இது: ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 29.5 சதவீதம் பேருக்கு டிரைகிளிசரைடு அதிகம், 72.3 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவு, எல்.டி.எல். அதிகமாக இருந்தவர்கள் 11.8 சதவீதம்தான். பழைய கணக்கு எந்த உடம்பில் தடுமாறுமோ அந்த உடம்பு நம்மிடம் சாதாரணம். அதனால்தான் இங்குள்ள லேப்கள் புதிய கணக்குக்கு மாறுவதில் தயங்கக் கூடாது என்று நினைக்கிறேன். மாறுவதற்குப் புதுக் கருவி வேண்டாம், புது ரசாயனம் வேண்டாம். அளப்பது அதே மூன்றுதான். ரிப்போர்ட் தயாரிக்கும் மென்பொருளில் ஒரு சூத்திரத்தை மாற்றிச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவே.

வெறும் வயிற்றில் வரச் சொல்வதற்கும் இந்த 5-க்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாப்பிட்ட பிறகு குடலிலிருந்து கைலோமைக்ரான் என்ற உருண்டைகள் ரத்தத்தில் சேர்கின்றன. அவற்றில் இருப்பது பெரும்பாலும் டிரைகிளிசரைடு. கொலஸ்ட்ரால் மிகச் சொற்பம். காலையில் 150 இருந்த டிரைகிளிசரைடு, விருந்து சாப்பாட்டுக்குப் பின் 220 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமும் எச்.டி.எல்.லும் அவ்வளவாக மாறாது. கூடுதலாக வந்த 70-ஐ 5-ஆல் வகுத்து 14-ஐ அநியாயமாகக் கழித்துவிடும் பழைய கணக்கு. புதிய கணக்குகள் இந்தச் சூழலை இன்னும் நன்றாகத் தாங்குகின்றன. ஆனாலும் எல்.டி.எல். ஏற்கெனவே குறைவாகவும் டிரைகிளிசரைடு அதிகமாகவும் இருப்பவர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் போய்க் கொடுப்பதே நல்லது.

புதியவை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டன என்று சொல்ல வரவில்லை. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிய பிறகு மார்ட்டின்-ஹாப்கின்ஸும் சாம்ப்சனும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. அங்கே கிடைப்பதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். டிஸ்பீட்டாலிப்போபுரோட்டீனீமியா என்ற அரிய பரம்பரைக் கோளாறில் உருண்டைகளில் கொலஸ்ட்ரால் பங்கு வழக்கத்தைவிட மிக அதிகம். அங்கே இந்தக் கணக்குகள் எதையும் நம்ப முடியாது. லிப்போபுரோட்டீன் ஏ அதிகமாக உள்ளவருக்கு அதிலுள்ள கொலஸ்ட்ராலும் எல்.டி.எல். கணக்கிலேயே சேர்ந்துவிடும், எந்தச் சூத்திரம் போட்டாலும். இவை எல்லாவற்றுக்கும் அடியில், அளக்கப்படும் மூன்று எண்களிலும் உள்ள இயல்பான பிழை இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலில் 3 சதவீதம் பிசகினால், நாம் பார்த்த முதல் நோயாளிக்கு அது 4 மில்லிகிராம். அவருடைய எல்.டி.எல்.லில் பத்தில் ஒரு பங்குக்கு நெருக்கம். உள்ளே போவதே பிசகாக இருந்தால் எந்தச் சமன்பாட்டாலும் அதைத் திருத்த முடியாது.

‘டைரக்ட் எல்.டி.எல்.’ என்று சில ரிப்போர்ட்டுகளில் போட்டிருக்கும். அது கணக்கு அல்ல, ரசாயன முறையில் நேரடியாக அளந்தது. அப்படிப்பட்ட ரிப்போர்ட்டில் எல்.டி.எல்., எச்.டி.எல்., வி.எல்.டி.எல். மூன்றையும் கூட்டினால் மொத்தம் வராமல் போகலாம். அதைப் பார்த்து லேப்பைச் சந்தேகிக்க வேண்டாம், அந்த வி.எல்.டி.எல். மட்டும் 5-ஆல் வகுத்து எழுதியதாக இருக்கும். நேரடியாக அளந்தது என்பதாலேயே அது எப்போதும் மேலானது என்றும் சொல்ல முடியாது. ஒரு கம்பெனியின் ரசாயனமும் இன்னொரு கம்பெனியின் ரசாயனமும் ஒரே ரத்தத்தில் வேறு வேறு எண் தரக்கூடும். டிரைகிளிசரைடு அதிகமாக இருக்கும்போது இந்த வேறுபாடு கூடுகிறது.

நடைமுறையில் அதிகம் குழப்புவது லேப் மாறும்போது நடப்பது. போன முறை 46, இந்த முறை 58 என்று வந்தால், மாத்திரை வேலை செய்யவில்லை என்றோ தீபாவளிப் பலகாரம்தான் காரணம் என்றோ வீட்டில் பேச்சு கிளம்பும். முதலில் இரண்டு ரிப்போர்ட்டிலும் மொத்தம், எச்.டி.எல்., டிரைகிளிசரைடு மூன்றையும் ஒப்பிடுங்கள். அவை ஏறக்குறைய ஒன்றாக இருந்து எல்.டி.எல். மட்டும் மாறியிருந்தால், மாறியது கணக்கோ அளக்கும் முறையோதான். ‘எல்.டி.எல். எந்த முறையில் போட்டீர்கள்?’ என்று லேப்பில் கேட்டால் சொல்வார்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

எந்தச் சூத்திரமும் தேவைப்படாத ஓர் எண்ணும் அதே ரிப்போர்ட்டில் இருக்கிறது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தால் வருவது, அதாவது எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால். ‘நான்-எச்.டி.எல்.’ என்ற பெயரில் பல லேப்கள் அச்சடித்தே தருகின்றன. இல்லாவிட்டால் நீங்களே கழித்துக்கொள்ளலாம். குழாயில் படியக்கூடிய எல்லா உருண்டைகளின் கொலஸ்ட்ராலும் இதற்குள் அடக்கம். 5-ஆல் வகுக்கும் வேலை இல்லை, சாப்பிட்டிருந்தாலும் பெரிதாக மாறாது. இதற்கான இலக்கு எல்.டி.எல். இலக்கைவிட 30 கூடுதல். 55 என்றால் 85, 50 என்றால் 80. நாம் பார்த்த நோயாளிக்கு இந்த எண் 104. பழைய கணக்கு 46 என்று சொல்லி இலக்கை எட்டிவிட்டதாகக் காட்டிய அதே ரிப்போர்ட்டில், இலக்கைவிட இருபது மில்லிகிராம் மேலே இருப்பதாக இந்த வரி சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டும் இப்படி முரண்படுமானால், மருத்துவரிடம் முதலில் சுட்டிக்காட்ட வேண்டியது இந்த வரியைத்தான்.